தேர்வு நேர மாற்றத்தைக் காலைக் கூட்டத்தில் எப்படி அறிவிப்பது?

கேள்வி: திங்கள் முதல் எங்கள் பள்ளித் தேர்வு 10 மணிக்குப் பதில் 9.30க்கே தொடங்குகிறது. வருகை விதிகளும் மாறியிருக்கின்றன. சுற்றறிக்கையை அப்படியே வாசித்தால் பிள்ளைகள் கவனிப்பதில்லை. தலைமையாசிரியராக நான் என்ன பேச வேண்டும்?

பதில்: சுற்றறிக்கையில் தேர்வு தொடங்கும் நேரம்தான் முதலில் இருக்கும். உங்கள் பேச்சில் அது முதலில் வரக்கூடாது. "9.30க்குத் தேர்வு" என்று கேட்ட பிள்ளை 9.25க்கு வாசலில் வந்து நிற்கும். அதற்குள் மற்றவர்கள் இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். ஆகவே பிள்ளை செய்ய வேண்டியதை, அதாவது வாசலுக்கு வரும் நேரத்தை, முதலில் சொல்லுங்கள்.

அந்த நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். 9.30க்கு வினாத்தாள் கொடுக்க வேண்டுமென்றால் 9.20க்குள் எல்லோரும் அமர்ந்திருக்க வேண்டும். பையை வெளியே வைத்து, அறை எண் பார்த்து, இடம் தேட இருபது நிமிடமாவது ஆகும். அப்படியானால் வாசலுக்கு 9 மணி.

தேர்வு முன்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லவே சொல்லாதீர்கள். தொடங்கும் நேரமாக 10, 9.30 இரண்டும் காதில் விழுந்தால், பழகிய எண்தான் மனதில் தங்கும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"மாணவர்களே, திங்கட்கிழமை முதல் தேர்வு நாட்களில் காலை 9 மணிக்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். 9.20க்கு உங்கள் இருக்கையில். 9.30க்கு வினாத்தாள். முதல் பத்து நிமிடம் வாசிக்க மட்டும், 9.40க்கு மணி அடித்ததும் எழுதலாம். தாமதமாகிவிட்டால் பயந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், நேராக அலுவலகத்துக்கு வாருங்கள். 10 மணி வரை அனுமதி உண்டு, கூடுதல் நேரம் கிடையாது. 10 மணிக்கு முன் யாரும் அறையை விட்டு வெளியேற முடியாது."

கடைசி இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தாங்குபவை. முன்னதாக வெளியேறியவர் தாமதமாக உள்ளே போகிறவரிடம் கேள்விகளைச் சொல்லிவிடக்கூடாது, அதற்காகத்தான் இரண்டுக்கும் ஒரே எல்லை. இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் கண்காணிப்பாளரிடம் வாதாட மாட்டார்கள். உங்கள் பள்ளி எல்லை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை, "புரிந்தது" என்றுதான் கூட்டமாகக் குரல் வரும். பின்வரிசையில் ஒருவரை எழுப்பி, "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வாசலில் இருப்பாய்?" என்று கேளுங்கள். 9.30 என்று பதில் வந்தால், தேர்வு நேரம்தான் மனதில் பதிந்திருக்கிறது என்று பொருள். அதட்டாமல் முதல் வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.

அப்புறம், அன்றைக்கு விடுப்பில் இருக்கும் பிள்ளைகள். திங்கட்கிழமை 10 மணிக்கு வந்து நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான். வகுப்பாசிரியர்கள் வருகைப்பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களின் வீட்டுக்கு அன்று மாலைக்குள் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.