லூக்கா 2:7: சத்திரமா, வீட்டு அறையா?

"கும்பகோணத்தில் எங்கள் வேத வகுப்பில், இயேசு பிறந்ததைச் சொல்லும் லூக்கா 2:7-இல் வரும் 'சத்திரம்' பற்றி ஒரே வாக்குவாதம். கிரேக்கம் தெரியாத நான் வரியிடை நூலை வைத்து எப்படிச் சரிபார்ப்பது?"

கிரேக்க வரிக்குக் கீழே அச்சிட்ட பொருளோடு நின்றுவிடாதீர்கள். அது பதிப்பாசிரியர் தேர்ந்தது. ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் அடையாளமாகச் சொல்லோடு இருக்கும் ஸ்டிராங் எண்ணைப் பிடியுங்கள்: 2646, கட்டலூமா. வசனத்தில் வேற்றுமை ஏறி 'கட்டலூமட்டி' என்றிருக்கும், பயப்பட வேண்டாம். அந்த எண் சுவிசேஷங்களில் இன்னும் இரண்டே இடத்தில் வருகிறது: மாற்கு 14:14, லூக்கா 22:11. இரண்டிலும் அது பஸ்கா விருந்துக்கான வீட்டு அறை. இனி லூக்கா 10:34-ஐத் திறங்கள். நல்ல சமாரியன் காசு கொடுத்துத் தங்கவைத்த சத்திரத்துக்கு எண் 3829, வேறு சொல். தமிழில் இரண்டும் சத்திரமாகிவிட்டதால், ஒரத்தநாட்டுச் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு வித்தியாசமே தெரிவதில்லை. அறை என்ற வாசிப்பே வலுவானது என்பேன். ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு பிடி உண்டு: பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 4:24-இல் இதே கட்டலூமா, பயண வழியில் இரவு தங்கும் இடம்.