மேல் வரியா, கீழ் வரியா? தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே அளவுகோல் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, முதுநிலை ஆய்வுக்காகத் தலைமடையில் 30 வயல், திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் 8 வயல் எடுத்து சம்பா விளைச்சலை ஒப்பிட்டேன். எஸ்.பி.எஸ்.எஸ்-ல் டி டெஸ்ட் போட்டுக் கொடுத்த பிராஜெக்ட் சென்டர்காரர், "Sig. கட்டத்தில் ரொம்பச் சின்ன எண் வந்திருக்கிறது, முடிவு சிக்னிஃபிகன்ட், மேல் வரியை எழுதுங்கள்" என்கிறார். மேல் வரியில் 0.012, கீழ் வரியில் 0.14 என்று இருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: கீழ் வரியை எழுதுங்கள். திரையில் `Equal variances not assumed` என்று இருக்கிறதே, அதுதான் உங்களுக்கான வரி.

முதலில் அந்த "சின்ன எண்" விஷயத்தை முடித்துவிடலாம். அட்டவணையில் இடப்பக்கம் முதலில் வரும் Sig. டி டெஸ்டின் முடிவே இல்லை. அது லெவீன் டெஸ்ட் என்ற வேறொரு சோதனையின் முடிவு. இரண்டு குழுவிலும் எண்கள் ஒரே அளவுக்குச் சிதறியிருக்கின்றனவா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. அங்கே சின்ன எண் வந்தால் "சிதறல் சமமாக இல்லை" என்று அர்த்தம். விளைச்சல் வேறுபடுகிறது என்று அர்த்தம் இல்லை. சொல்லப்போனால் உங்களை மேல் வரியை விட்டு நகரச் சொல்லும் எண்ணையே காட்டி மேல் வரியை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி வந்த ஆய்வேடுகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்களுக்கு நட்சத்திரக் குறி போட்ட அட்டவணை கொடுத்தால் வேலை முடிந்தது. வைவாவில் நிற்கப்போவது நீங்கள். அட்டவணையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், மூல எண்கள் உள்ள கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஒரே எண்களுக்கு இரண்டு பதில் எப்படி வருகிறது? நீங்கள் அனுப்பிய தாளில் கடைமடையின் எட்டு வயல்களும் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டைக் கணக்கில் இப்படி இருக்கின்றன: 19, 23, 24, 26, 28, 30, 32, 34. சராசரி 27. திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 5. தலைமடையின் முப்பது வயலுக்கு சராசரி 30, திட்ட விலக்கம் 2.

இந்த எட்டு எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 19 எடுத்த வயலும் 34 எடுத்த வயலும் ஒரே பகுதியில்தான் இருக்கின்றன. கடைமடை அப்படித்தான். ஒருவருக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கும், பக்கத்துக்காரர் வாய்க்காலில் கடைசியாக வருகிற தண்ணீரை நம்பியிருப்பார். கடல் பக்கம் உப்பு ஏறிய மண் ஒரு இடத்தில், கார்த்திகை மழையில் நாலைந்து நாள் மூழ்கிக் கிடந்த பள்ளம் இன்னொரு இடத்தில். தலைமடையில் முறை வைத்துத் தண்ணீர் வந்துவிடுவதால் வயலுக்கு வயல் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆக, சிதறல் வேறுபடுவது உங்கள் அளவையில் வந்த பிழை இல்லை. அது அந்த மண்ணின் குணம், ஆய்வேட்டில் எழுத வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு.

மேல் வரி இந்தக் குணத்தை அழித்துவிடுகிறது. இரண்டு குழுவின் சிதறலையும் ஒரே பானையில் கொட்டிக் கலந்து, பொதுவாக ஒரு சிதறலை எடுத்துக்கொள்கிறது. கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தினால் வேரியன்ஸ். தலைமடைக்கு 4, கடைமடைக்கு 25. கலக்கும்போது எண்ணிக்கை அதிகமுள்ள குழுவுக்குச் செல்வாக்கு அதிகம் என்பதால் பொது வேரியன்ஸ் 8 என்று வருகிறது. 25 இருந்த கடைமடைக்கு 8 என்று எழுதியாயிற்று.

இதனால் என்ன ஆகிறது? ஒரு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வேரியன்ஸை வயல்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். கடைமடைக்கு உண்மையில் 25-ஐ 8-ஆல் வகுத்தால் 3.1. கலந்த கணக்கில் 8-ஐ 8-ஆல் வகுத்து 1 என்று போடுகிறோம். தலைமடைப் பங்கு எந்தக் கணக்கிலும் மிகச் சிறியது, உள்ளபடி 0.13, கலந்தால் 0.27. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் உள்ளபடியான திட்டப் பிழை 1.8 மூட்டை, கலந்த கணக்கில் 1.13 மூட்டை. சராசரிகளின் வித்தியாசம் 3 மூட்டை. அதை 1.13-ஆல் வகுத்தால் 2.65, 1.8-ஆல் வகுத்தால் 1.66. உங்கள் 0.012-ம் 0.14-ம் இங்கேதான் பிரிகின்றன. எட்டே வயலை வைத்துக்கொண்டு, அவற்றின் தடுமாற்றத்தையும் மறைத்து, முப்பது வயலின் நிதானத்தை அவற்றுக்குக் கடன் கொடுத்திருக்கிறது மேல் வரி.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. கீழ் வரியில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 36 இல்லாமல் 7.6 என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பின்னத்தில் வருவது தவறில்லை. உங்கள் சந்தேகத்தில் பெரும்பங்கு அந்த எட்டு வயலிலிருந்து வருவதால், கையில் இருக்கும் தகவலும் ஏறக்குறைய எட்டு வயலுக்கான தகவல்தான் என்று அந்த எண் சொல்கிறது. வெல்ச் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 1938-லும் 1947-லும் எழுதிய கட்டுரைகளில் வந்த முறை இது. இவ்வளவு காலம் ஆன பிறகும் நம் பாடத்தில் கலந்த முறையை முதலில் வைத்து இதை அடிக்குறிப்பாகத் தள்ளுகிறார்கள். எனக்கு அது ஆறவே ஆறாத கோபம்.

கலந்த முறை எவ்வளவு ஏமாற்றும் என்றால், உண்மையில் தலைமடைக்கும் கடைமடைக்கும் சராசரியில் வித்தியாசமே இல்லை, சிதறல் மட்டும் 2, 5 என்று இருக்கிறது, 30 வயலும் 8 வயலும் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 5 முறைதான் தவறாக "வித்தியாசம் உண்டு" என்று சொல்ல வேண்டிய சோதனை, ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு முறை அப்படிச் சொல்லும். சிறிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால் இந்த ஆபத்து. மாறாகப் பெரிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால் கலந்த முறை உண்மையான வித்தியாசத்தையே விழுங்கிவிடும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கீழ் வரி நூற்றுக்கு 5 என்ற வாக்குக்கு நெருக்கமாகவே நிற்கிறது. சிதறல் உண்மையிலேயே சமமாக இருந்துவிட்டாலும் கீழ் வரியை எழுதியதால் நீங்கள் இழப்பது மிகக் கொஞ்சம். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு இதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

"முதலில் லெவீன் பார், சமம் என்று வந்தால் மேல் வரி, இல்லையென்றால் கீழ் வரி" என்று உங்கள் துறையில் சொல்லக்கூடும். நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மீறி நான் வெல்ச் முறையை எழுதியபோது வைவாவில் ஒரு தேர்வாளர், "லெவீன் போடாமல் எப்படி நேரே கீழ் வரிக்குப் போனாய்?" என்று கேட்டு அத்தியாயத்தையே திருத்தச் சொன்னார். லெவீனை முதலில் பார்க்கும் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. குழுக்கள் சிறியதாக இருக்கும்போது லெவீனுக்குச் சிதறல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் பலம் போதாது. எங்கே எச்சரிக்கை அதிகம் தேவையோ அங்கேயே அது "சமம்தான்" என்று விட்டுவிடும். உங்கள் எண்களில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் பிடித்துவிட்டது. ஐந்தாறு வயல்களோடு வந்திருந்தால் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. முன்சோதனையை வைத்து வரியைத் தேர்வு செய்யாதீர்கள். களத்துக்குப் போவதற்கு முன்பே "வெல்ச் முறை" என்று எழுதி வைத்துவிடுங்கள்.

சென்டர்காரர் இல்லாமல் நீங்களே போடலாம். எக்செலில் கடைசி எண் 3 என்பதுதான் சிதறல் சமமில்லாத முறை, 2 போட்டால் கலந்த முறை:

```
=T.TEST(A2:A31, B2:B9, 2, 3)
```

ஆர் மென்பொருளில் எதுவும் சொல்லாவிட்டாலே வெல்ச் முறைதான் ஓடும்:

```
t.test(yield ~ area, data = d)
```

பைத்தான் பயன்படுத்தும் தோழி இருந்தால் கவனம். `scipy`-யின் `ttest_ind` சொல்லாவிட்டால் கலந்த முறையில் ஓடும், `equal_var=False` என்று சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த இரண்டு வரியும் வேண்டாம், அதை விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் டெல்டாவில் நடக்கும் ஒப்பீடுகளில் பல அப்படிப்பட்டவை. ஒரே விவசாயியின் வயலில் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மா ஒற்றை நாற்று நடவு, அந்தப் பக்கம் ஒரு மா வழக்கமான நடவு என்று பத்து விவசாயிகளிடம் செய்தால், அது இரண்டு தனிக் குழு இல்லை, பத்து ஜோடி. இந்தப் பக்கம் விளைச்சல் கூடியிருந்தால் அந்தப் பக்கமும் கூடியேதான் இருக்கும், மண்ணும் தண்ணீரும் உரம் போடும் கையும் ஒன்றுதானே. அப்போது ஒவ்வொரு விவசாயிக்கும் வித்தியாசத்தைக் கழித்து எடுத்து, அந்தப் பத்து வித்தியாசங்களை மட்டும் சோதிக்க வேண்டும். அதே வயல்களின் சென்ற ஆண்டு, இந்த ஆண்டு விளைச்சலும் ஜோடிதான். சந்தேகம் வந்தால் ஒன்று செய்யுங்கள். தாளில் ஒரு பத்தியின் எண்களை மட்டும் மேலும் கீழுமாகக் கலைத்துப் போடுவதாக நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு தொடர்பு கெட்டுப்போனது என்று தோன்றினால் அது ஜோடி. உங்கள் 30-ஐயும் 8-ஐயும் எப்படிக் கலைத்தாலும் ஒன்றும் கெடாது, அதனால் உங்களுக்கு இது பொருந்தாது.

ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: வித்தியாசம் 3 மூட்டை, வெல்ச் முறையில் t = 1.66, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 7.6, p = 0.14, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −1.2 முதல் 7.2 மூட்டை வரை. அந்த இடைவெளியை மறக்காமல் போடுங்கள். "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஏழு மூட்டை வரைகூட இருக்கலாம், இந்த எட்டு வயலால் சொல்ல முடியவில்லை என்பதே நிலவரம். நட்சத்திரம் இல்லாத அட்டவணையைத் துறை ஏற்காது என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டுங்கள்.

இன்னொரு சம்பாப் பட்டம் கிடைக்குமானால் 38 வயலுக்கு மேல் அலைய வேண்டியதில்லை. சிதறல் அதிகமுள்ள பக்கம் அதிக வயல் எடுங்கள், தலைமடையில் 11, கடைமடையில் 27. திட்ட விலக்கம் அதே 2, 5 என்று இருந்தால் திட்டப் பிழை 1.8-லிருந்து 1.14-க்கு இறங்கும். மேல் வரி உங்களுக்குப் பொய்யாகக் கொடுத்த துல்லியம் ஏறக்குறைய அதுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை, தலைஞாயிறு பக்கமெல்லாம் போய் அந்த 27 வயலைப் பரவலாகத் தேர்ந்தெடுங்கள், ஒரே வாய்க்காலின் கடைசியில் அடுத்தடுத்து உள்ள வயல்களாக எடுக்க வேண்டாம்.