185/65 R15 டயருக்குப் பதிலாக 185/60 R15 போடலாமா?

கேள்வி: என் காரில் கம்பெனியிலிருந்து வந்த டயரில் 185/65 R15 88H என்று இருக்கிறது. கடையில் 185/60 R15 84H குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. "இதுவும் 15 இன்ச்தான், தாராளமா போடலாம்" என்கிறார் கடைக்காரர். போடலாமா? அந்த எண்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

பதில்:

ரிம்மில் ஏறும், வண்டியும் ஓடும். ஆனாலும் போடாதீர்கள். கடைக்காரர் சொன்ன 15 உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது 60-ம் 84-ம். இதில் 60-ஆல் வருவது பெரும்பாலும் தொல்லைதான். 84-தான் ஆபத்தான இடம்.

முதலில் 185. டயரின் ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவர் வரை உள்ள அகலம், மில்லிமீட்டரில். ரோட்டில் படுகிற பட்டன் பகுதியின் அகலம் என்று பலர் நினைக்கிறார்கள். டேப் வைத்து அந்த இடத்தை அளந்தால் 185 வராது, குறைவாகத்தான் வரும். அதற்காகக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இந்த அகலமும் ரிம்மைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் சுமார் 5 மி.மீ. விரிந்து உட்காரும்.

அடுத்து சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 65. மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. ரிம்மின் விளிம்பிலிருந்து ரோடு வரை இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் இது. சதவீதம் என்பதால் அகலம் மாறினால் உயரமும் மாறிவிடும். 195/65 போட்டால் "அதே 65தானே" என்று தோன்றும், ஆனால் சுவர் 126.75 மி.மீ. ஆகிவிடும்.

R என்பது ரேடியல், அதாவது உள்ளே நூல் அடுக்குகள் குறுக்காகப் போகும் கட்டமைப்பு. ரேடியஸ் என்று நினைத்து 15 இன்ச்சை இரண்டால் பெருக்குபவர்களும் உண்டு. 15 என்பது ரிம்மின் விட்டம், அதுவும் இன்ச்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றும் கலந்து கிடப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

இதை வைத்து டயரின் மொத்த உயரத்தைக் கணக்கிடலாம். சுவர் ரிம்முக்கு மேலேயும் கீழேயும் இருப்பதால் இரண்டு முறை, ரிம் ஒரு முறை:

```
185/65 R15: (185 × 0.65 × 2) + (15 × 25.4) = 240.5 + 381 = 621.5
185/60 R15: (185 × 0.60 × 2) + (15 × 25.4) = 222.0 + 381 = 603.0
```

வித்தியாசம் 18.5 மி.மீ., கிட்டத்தட்ட 3 சதவீதம். இதில் பாதி, அதாவது 9 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக, வண்டி தாழும். நம்மூர் வேகத்தடைகளில் அடி தட்டுகிற வண்டியாக இருந்தால் இது தெரியும். டயர் சின்னதானதால் அதே தூரத்துக்கு அதிக முறை சுற்றும். ஸ்பீடோமீட்டர் முன்பு 97 காட்டிய அதே வேகத்தில் இப்போது 100 காட்டும். நீங்கள் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டரில் 10,300 ஏறியிருக்கும், மைலேஜ் கூடிவிட்டது போலவும் தோன்றும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்ற இருக்கும் ரப்பரும் 9 மி.மீ. குறைவு. முன்னால் மட்டும் இரண்டைப் போட்டு, பின்னால் பழைய 65-ஐ விடுவது இன்னும் மோசம். ஏ.பி.எஸ். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வேலை செய்கிறது, அதற்கு எப்போதும் ஒரு வேறுபாடு தெரிந்துகொண்டே இருக்கும்.

சரி, 84-க்கு வருவோம். அளவுகளுக்குப் பின்னால் வரும் இந்த எண் சுமைக் குறியீடு. கிலோ இல்லை, அட்டவணையில் பார்க்க வேண்டிய எண். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. எண்ணில் நாலுதானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் ஒரு சக்கரத்துக்கு 60 கிலோ குறைகிறது. குறியீடு ஒன்று கூடினால் சுமை சுமார் 3 சதவீதம் கூடும், 24 கூடினால் இரட்டிப்பாகும். 60 என்றால் 250 கிலோ, 84 என்றால் 500, 108 என்றால் 1000. இந்த மூன்றை நினைவில் வைத்தால் நடுவில் உள்ளதை ஓரளவு ஊகிக்கலாம்.

"500 கிலோ வீதம் நாலு டயர், 2000 கிலோ. என் வண்டி முழுச் சுமையோடு 1500 கிலோதான், போதுமே" என்று கேட்கலாம். இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை. ஒன்று, சுமை நாலு சக்கரத்திலும் சமமாக விழுவதில்லை. இன்ஜின் முன்னால் இருக்கும் 1500 கிலோ வண்டியில் முன்பக்கம் 55 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 825 கிலோ, ஆக முன் சக்கரம் ஒன்றுக்கு 412. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஏதாவது ஒரு முன் டயர் மேல் இதைவிட அதிகம் சாயும்.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. அந்த 500 கிலோ, டயரில் முழுக் காற்று இருக்கும்போது மட்டுமே. சாதாரணக் கார் டயருக்கு அது 36 பி.எஸ்.ஐ. உண்மையில் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று, ரப்பர் அதைப் பிடித்து வைக்கும் பைதான். காற்று குறைந்தால் தாங்கும் சுமையும் குறையும். ஐரோப்பியத் தரநிலை வழியில் தோராயமாகக் கணக்குப் போட்டால், 28 பி.எஸ்.ஐ.யில் 84 டயர் தாங்குவது 410 கிலோ அளவுதான். நம் முன் சக்கரத்தில் இருப்பதோ 412. மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காமல் விட்டால் 28-க்கு வருவது சாதாரணம். அப்படியே குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே டயர் எல்லையைத் தொட்டுவிட்டது. அதே 28-இல் 88 டயர் சுமார் 458 கிலோ தாங்கும். வண்டிக் கம்பெனி 88 கேட்டிருப்பதற்குப் பின்னால் இந்த இடைவெளி இருக்கிறது.

சுமை மீறினால் டயர் உடனே வெடித்துவிடாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அதில் சூடு ஏறும். வெயில் காலத்தில் நாலுவழிச் சாலையில் விடாமல் ஓட்டும்போது அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைக்காது. ரப்பருக்கும் உள்ளே உள்ள அடுக்குகளுக்கும் நடுவே ஒட்டு விட ஆரம்பிக்கும். வெடிப்பது அதற்குப் பிறகு. முன்கூட்டியே தெரிந்துகொள்ள இரண்டு அடையாளம் உண்டு. டயரின் நடுப்பகுதி நன்றாக இருக்க, இரண்டு ஓரமும் மட்டும் தேய்ந்திருக்கும். பஞ்சருக்குக் கழற்றும்போது உள்ளே ரப்பர் தூள் கொட்டிக் கிடந்தால் சுவர் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. அந்த டயருக்கு ஒட்டுப் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள்.

கடைசி எழுத்து H, வேக எல்லை: மணிக்கு 210 கி.மீ. T என்றால் 190, S என்றால் 180. நம் சாலைக்கு எல்லாமே அதிகம்தான், ஆனாலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போக வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் XL என்று இருந்தால் அது கூடுதல் சுமை டயர். 185/65 R15 92 XL என்றால் 630 கிலோ. ஆனால் அந்த 630-க்கு 42 பி.எஸ்.ஐ. வேண்டும். 33 அடித்துவிட்டு 630 தாங்கும் என்று நம்ப முடியாது. சிறிய சரக்கு வண்டி டயரில் 102/100 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது, அடுத்தது ஜோடிச் சக்கரமாக ஓடும்போது.

பக்கச்சுவரில் பொடி எழுத்தில் MAX LOAD 560 KG, MAX PRESS 350 KPA (51 PSI) என்றும் சில டயர்களில் இருக்கும். அந்த 51 டயர் பொறுக்கக்கூடிய உச்சம். அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது. அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பல வண்டிகளில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு வரி இருக்கும். பொருந்தும் டயர் அளவும் அங்கேயே இருக்கும். 185/60 R15 அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

65 கிடைக்கவே இல்லை, வேறு வழியில்லை என்றால் 195/60 R15 88H கேட்டுப் பாருங்கள். அதன் உயரம் 615 மி.மீ., வித்தியாசம் 1 சதவீதம்தான், சுமையும் அதே 560. ஆனால் ரிம் அகலத்தைப் பார்த்தாக வேண்டும். டயரில் அது எழுதியிருக்காது, ரிம்மில் 5.5J x 15 என்பது போலக் குத்தியிருக்கும். அந்த 5.5 இன்ச் அகலம் 195-க்கு ஆகும். 5 இன்ச் ரிம் என்றால் 185-ஐ விட்டு நகர வேண்டாம். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டயர் உள்பக்கம் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விலை குறைவாகச் சொல்கிறார்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நாலு எண். 2521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இந்த நாலு எண்ணும் முழுசாக இருக்கும். கடையில் மறுபக்கத்தைக் காட்டினால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.