உயரமான நடுமுற்றத்தில் காற்று தானாக மேலெழுவது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மூன்று மாடிக் கட்டடம் கட்டுகிறோம். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட உயர்ந்த முற்றம் வருகிறது. மின்விசிறி இல்லாமல் காற்றோட்டம் கிடைக்குமா? திறப்புகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கிடைக்கும். சூடான காற்று இலேசானது. அது மேல் திறப்பால் வெளியேற, கனமான வெளிக்காற்று கீழ்த் திறப்பால் உள்ளே வருகிறது. இதைப் புகைக்கூண்டு விளைவு என்கிறோம். அரிக்கன் லாம்பும் இப்படித்தான் எரிகிறது: அடியிலுள்ள துளைகளை அடைத்தால், சிமினி எவ்வளவு உயரமாக இருந்தாலும் சுடர் புகையத் தொடங்கும்.

மேல், கீழ்த் திறப்புகளுக்கு இடையே 12 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் 2 சதுர மீட்டர், முற்றத்துக் காற்று வெளியைவிட 3 பாகை சூடு என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் நொடிக்கு ஏறத்தாழ 1.3 கன மீட்டர் காற்று ஓடும். கீழ்த் திறப்பை மட்டும் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிப்பாகாது, 1.6தான் வரும். ஓட்டத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துவது சிறிய திறப்பே. பூச்சிவலை போட்டால் இன்னும் குறையும். வரைபடத்தில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் சித்திரை வெயிலில் வேறொரு எல்லை உண்டு. வெளியே 33 பாகை என்றால் உள்ளே வருவதும் 33 பாகைக் காற்றுதான். திறப்பிலேயே அதன் வேகம் நொடிக்கு 0.65 மீட்டர் அளவுதான். மண்டபத்தின் நடுவே உடலில் படுவதுகூடத் தெரியாது. ஆகவே அமரும் இடத்தில் மின்விசிறி வேண்டும், கண்ணாடிக்கு மேல் நிழலும் வேண்டும்.

முற்றம் உயர்ந்தால் உள்ளே குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். உயரம் காற்றை நகர்த்துமே தவிர, அதைக் குளிர்விக்காது.