நேற்று கெமிஸ்ட்ரி, இன்று பிசிக்ஸ்: உயர்தர மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சேர், இன்னும் பத்து நாள் இருக்கு. முதல் நாள் கெமிஸ்ட்ரி, மறுநாளே பிசிக்ஸ். ரெண்டுக்கும் சரிபாதியா நேரம் பிரிச்சாப் போதுமா?

போதாது. கெமிஸ்ட்ரி எழுதி வீடு வந்து சாப்பிட்டு உட்கார, பின்னேரம் ஆகிவிடும். களைத்த மண்டையோடு இரண்டு மூன்று மணித்தியாலம்தான் மிஞ்சும். ஆகவே பிந்தி வரும் பாடத்தை முந்தி முடியுங்கள்.

முதல் ஆறு நாளும் பெரும்பங்கு பிசிக்ஸுக்கு. கெமிஸ்ட்ரி கை விட்டுப்போகாமலிருக்க, நாளுக்கொரு பகுதி I தாள்: 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். ஏழாம் நாள் காலை கெமிஸ்ட்ரி பகுதி II, எட்டாம் நாள் அதே நேரம் பிசிக்ஸ் பகுதி II. இது ஒத்திகை. கடைசி இரண்டு நாளும் கெமிஸ்ட்ரி மட்டும்.

ஒத்திகையில் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். பிசிக்ஸில் நாலாவது கட்டுரை வினா பாதியில் நின்றதா? அந்த வினாவை அன்று பின்னேரமே, இளைப்பாறிவிட்டு ஆறுதலாகச் செய்து பாருங்கள். வந்தால், பாடம் தெரியும், களைப்புத்தான் காரணம். அப்படியென்றால் முதல்நாள் இரவு நேரத்தோடு படுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த அலகைத் திரும்பப் படியுங்கள்.

ஒன்று மட்டும்: புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் செய்யாதீர்கள்.

எத்தனை வருஷப் பேப்பர் செய்யணும்?

திருத்தி முடிக்கக்கூடிய அளவுக்கு.

எனக்கு ரெண்டு பாடமும் ஒரே நாள், காலையும் பின்னேரமும். என்ன செய்ய?

தங்கச்சி, அது வேறு சிக்கல். அட்டவணையை உங்கள் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

இடைப்பட்ட பின்னேரம் பிசிக்ஸ் முழுப் பேப்பர் ஒன்று செய்யலாமா?

வேண்டாம். பிழைவிட்ட கணக்குகளைக் குறித்த கொப்பியைப் புரட்டினால் போதும். கல்குலேட்டர் இல்லாத பாடம் என்பதால், மடக்கை அட்டவணையில் கை ஓட நாலைந்து கணக்கு போடலாம்.

சேர், நான் அண்டைக்குப் பின்னேரம் முழுப் பேப்பர் செய்துதான் ஏ எடுத்தனான். கை சூடா இருக்கும்.

உங்களுக்குச் சரிவந்திருக்கலாம், தம்பி. ஆனால் அந்தப் பேப்பரில் ஒரு கணக்கு பிழைத்தால் இரவெல்லாம் அதுதான் ஓடும். திருத்த நேரமில்லாத பேப்பரைச் செய்து என்ன?

திருத்த ஏன் வேணும்? நேரம் பிடிக்கத்தானே செய்யிறது.

நேரம் பிடிக்கத்தான் ஒத்திகை இருக்கிறது. சரி, பகுதி I-இல் பாதி செய்யுங்கள், ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் நான் விட்டுத்தர மாட்டேன்.

நானும் அண்ணா சொன்ன மாதிரித்தான், முழுப் பேப்பர். ஆனா பி-தான் வந்தது.

பார்த்தீர்களா. ஆனால் இதை வைத்தும் நான் வென்றதாகச் சொல்ல முடியாது. வேறு காரணமும் இருக்கலாம்.

சேர், எத்தனை வருஷப் பேப்பர்...

மேலே பாருங்கள்.

கெமிஸ்ட்ரி பிழைச்சிட்டா பிசிக்ஸில மனம் போகாதே?

பேப்பர் முடிந்ததும் வாசலில் நின்று விடை ஒப்பிடாமல் நேரே வீட்டுக்குப் போங்கள். வினாத்தாளை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுங்கள். பிசிக்ஸ் எழுதிய பிறகு எடுத்துப் பார்க்கலாம்.