பாஸ்புக்குக்கு மூன்று மாதம், குழுவுக்கு எட்டு மாதம்: வங்கி எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

"எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஆளுக்கு வாரம் 50 ரூபாய் சேமிக்கிறோம். சுழல் நிதி 15,000 வந்தது. ஆனால் வங்கியில் கணக்கு திறந்து மூன்று மாதம்தான். கடன் கேட்டால், கணக்குக்கு ஆறு மாதம் ஆகட்டும் என்கிறார் மேலாளர். ஒரு உறுப்பினரின் கணவருக்கு அதே வங்கியில் பாக்கி இருக்கிறதாம், அதுவும் தடையாம். சேமிப்பில் கை வைக்கக் கூடாது, ஊராட்சித் தலைவரிடம் கடிதம் வேண்டும் என்றும் சொல்கிறார். இன்னொன்று: எங்கள் குழுவில் கணவரை இழந்த ஒரு அக்காவுக்கு உதவித்தொகை கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது, பதிலே இல்லை. என்ன செய்யலாம்?" (ஊக்குநர், தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சி)

மேலாளர் சொன்ன நான்கில் ஒன்றுகூட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அதை அவரிடம் வாதாடிப் புரியவைக்க முடியாது. உங்கள் கணக்குப் புத்தகங்கள்தான் பேச வேண்டும்.

முதலில் ஆறு மாதக் கணக்கு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்குக் கடன் தருவது பற்றிய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இதில் தெளிவாகவே இருக்கிறது. குழு குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகத்தை வைத்து எண்ண வேண்டும், சேமிப்புக் கணக்கு திறந்த தேதியை வைத்து அல்ல. நின்றுபோன பழைய குழுவைத் திரும்ப உயிர்ப்பித்தால்கூட, தொடர்ந்து மூன்று மாதம் நடத்தினாலே கடனுக்குத் தகுதி உண்டு. ஆக, உங்கள் எட்டு மாதம் தாராளமாகப் போதும். அதைக் காட்டும் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சில குழுக்களில் தீர்மானப் புத்தகம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கும். எல்லா வாரமும் 12 பேரும் வந்திருப்பார்கள், ஒருவர்கூட ஒரு நாளும் சேமிப்புத் தவறியிருக்க மாட்டார். அனுபவமுள்ள மேலாளர் இரண்டு பக்கம் புரட்டினாலே பிடித்துவிடுவார். உண்மையான புத்தகத்தில் இருவர் வராத வாரம் இருக்கும், "அடுத்த வாரம் சேர்த்துக் கட்டுவதாகச் சொன்னார்" என்ற வரி இருக்கும், பிறகு அந்தத் தொகை வந்த பதிவும் இருக்கும். அதை மறைக்க வேண்டாம்.

அடுத்து, எவ்வளவு கடன் என்ற விஷயம். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் குழுக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1,50,000 ரூபாய், இதில் எது அதிகமோ அது. மொத்த நிதி என்றால் பாஸ்புக்கில் இருக்கும் பணம் மட்டுமல்ல. உறுப்பினர் சேமிப்பு, குழு தன் உறுப்பினர்களுக்கே கொடுத்த உள்கடனில் வந்த வட்டி, சுழல் நிதி, வேறு வருமானம் இருந்தால் அது, எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த நிதி.

உங்கள் குழுவையே போட்டுப் பார்ப்போம். எட்டு மாதத்துக்கு 34 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 600 ரூபாய் வீதம் சேமிப்பு 20,400. உள்கடன் வட்டியில் செலவு போக 2,100 நின்றது என்று கொள்வோம். சுழல் நிதி 15,000. ஆக மொத்தம் 37,500. ஆறு மடங்கு 2,25,000. இது ஒன்றரை லட்சத்தைவிட அதிகம் என்பதால், நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கால் லட்சம்.

இப்போது அதே பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உறுப்பினர்களிடம் உள்கடனாக நிற்பது 29,800, வங்கியில் 7,200, பெட்டியில் ரொக்கம் 500 என்றால், கூட்டினால் அதே 37,500 வரும். வருகிற பக்கமும் இருக்கிற பக்கமும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்பதுதான் குழுக் கணக்கின் பரீட்சை. மனு கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கூட்டலை ஒரே தாளில் எழுதி, உறுப்பினர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோங்கள். ஒத்துப்போகவில்லையா? யாராவது வாங்கிய உள்கடன் பேரேட்டில் ஏறாமல் இருக்கும், இல்லாவிட்டால் கட்டிய வட்டியை அசலில் சேர்த்து எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பாஸ்புக்கை மட்டும் பார்க்கிற மேலாளருக்கு உங்கள் குழுவிடம் 7,200 ரூபாய்தான் இருப்பதாகத் தெரியும். சேமிப்பில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொல்வதும் இந்தப் பார்வையில்தான். உண்மையில் சேமிப்பு உறுப்பினர்களுக்குக் கடனாகப் போய், தவணை தவறாமல் திரும்பி வருவதுதான் குழு உயிரோடு இருப்பதற்கு அடையாளம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கெழுதுதல் என்ற ஐந்தைத்தான் பஞ்ச சூத்திரம் என்கிறோம். வங்கி தர மதிப்பீடு செய்யும்போது பார்ப்பதும் இதைத்தான். உள்கடனே கொடுக்காமல் பணத்தை முடக்கி வைத்தால் மதிப்பெண் குறையும். அதோடு, 10 லட்சம் வரை குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கிப் பிடித்து வைக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது விதி.

கணவரின் பாக்கி விஷயத்துக்கு வருவோம். ஒரு சில உறுப்பினர்களோ அவர்கள் குடும்பத்தினரோ அதே வங்கியில் பாக்கி வைத்திருந்தாலும், குழு பாக்கி வைக்காதவரை குழுக் கடனுக்கு அது பொதுவாகத் தடையாகக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உறுப்பினரே வங்கியில் பாக்கிதாரராக இருந்தால், குழு வாங்கும் வங்கிக் கடனிலிருந்து அவருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் கணவர் வாங்கிய கடனில் மனைவி இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிருந்தால், யாருக்கு எதற்காக எவ்வளவு கடன் என்று குழு எழுதும் நுண்கடன் திட்டத்தில் அவர் பெயருக்கு வங்கிப் பணம் ஒதுக்காமல், குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கலாம். மற்ற 11 பேருக்கும் கடன் நிற்கக் கூடாது.

நுண்கடன் திட்டம் என்றதும் இரண்டே கால் லட்சத்தை 12 ஆல் வகுத்து ஆளுக்கு 18,750 என்று எழுதிவிடாதீர்கள். ஒருவருக்கு மாடு வாங்க 45,000 வேண்டும், இன்னொருவருக்குத் தையல் இயந்திரத்துக்கு 12,000 போதும், மூன்றாமவருக்கு இந்த வருஷம் கடனே வேண்டாம். சமமாகப் பிரித்த பட்டியலைப் பார்த்தால் தேவையைக் கேட்காமல் எழுதியது என்று எந்த மேலாளருக்கும் தெரிந்துவிடும். தேவையில்லாமல் வாங்கியவர்தான் ஆறாவது மாதம் தவணைக்குத் தடுமாறுவார். அந்தப் பாரம் குழுவின் தலையில்தான் விழும்.

இனி ஊராட்சித் தலைவர் கடிதம். குழுவின் தீர்மானம், உறுப்பினர்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், நுண்கடன் திட்டத்தோடு கடன் விண்ணப்பம், உறுப்பினர்களின் அடையாள ஆவணங்கள், இவைதான் கடனுக்கு முக்கியமான காகிதங்கள். தலைவர் கையெழுத்து ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் கிடையாது. குழு பற்றி வெளிச்சான்று வேண்டுமென்றால், அதை உங்கள் ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பு தரலாம். கூட்டமைப்பு இருக்கும் ஊரில் தர மதிப்பீட்டில் வங்கிக்கு அது துணைநிற்கலாம் என்று சுற்றறிக்கையே சொல்கிறது. தலைவர் கடிதத்தை நான் எதிர்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கடன் ஒரு ஆளின் கையெழுத்தில் தொங்கினால், ஆள் மாறும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்ற கணக்கும் அப்புறம் உள்ளே வரும்.

ஊராட்சிக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. அது மேலாளர் நினைக்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இலக்கு மக்கள் பட்டியலுக்கு ஒப்புதல் தருவது கிராம சபை. சுழல் நிதி யாருக்கு, நலிவுற்றவர் நிதி யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பட்டியலைத் தொட்டே போகும். இன்னொன்று, குழுக்கள் சேர்ந்து எழுதும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம். ஒவ்வொரு குழுவும் தன் தேவையைச் சொல்ல, கூட்டமைப்பு அதைத் தொகுத்து, கிராம சபையில் வைத்து, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைதான் இதற்கு வழக்கமான நேரம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் "சாலை, தெருவிளக்கு, குடிநீர்" என்று மூன்று வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் தனிநபர் உரிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருப்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் குழுவிலுள்ள அக்காவின் மனு நிற்பதும் இங்கேதான். கணவரை இழந்தோருக்கான உதவித்தொகையை ஊராட்சி அனுமதிக்க முடியாது. அது வருவாய்த் துறையின் வேலை, வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு பார்ப்பது. ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்த வெள்ளைத்தாள் மனு அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். அதனால் இ-சேவை மையத்தில் முறையாக விண்ணப்பித்து ஒப்புகை எண் வாங்கச் சொல்லுங்கள். கணவரின் இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக் கையில் இருக்கட்டும். பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பல மனுக்கள் இதற்கே திரும்புகின்றன. பிறகு அந்த ஒப்புகை எண்ணோடு அவர் பெயரைத் திட்டத்தின் உரிமைகள் பகுதியில் எழுதி, கிராம சபையில் வாசிக்கவைத்து, தீர்மான எண்ணோடு நகல் வாங்குங்கள். தீர்மானம் உதவித்தொகையைத் தந்துவிடாது. ஆனால் ஊர் பட்டியலோடு கூட்டமைப்புப் பெண்கள் நால்வர் வட்டாட்சியர் முன் நிற்பதும், தனி ஒருவர் போய் நிற்பதும் ஒன்றல்ல. அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே நகலோடு மனு கொடுங்கள்.

வங்கிக்கும் இதே போல ஒரு வழி உண்டு. கடன் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல நேரம் இந்த இடத்திலேயே பேச்சின் தொனி மாறிவிடும். மாறவில்லை என்றால் வாழ்வாதார இயக்கத்தின் வட்டார மேலாளரிடம் சொல்லி, வட்டார அளவிலான வங்கியாளர் கூட்டத்தில் உங்கள் விண்ணப்பத்தை எழுப்பச் சொல்லுங்கள். முன்னோடி வங்கி மேலாளர் தலைமையில் காலாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரும் இருப்பார். எந்தக் கிளையில் எத்தனை குழு விண்ணப்பம் தேங்கி நிற்கிறது என்று அங்கே கேட்கலாம். அதற்குப் பிறகும் வழியில்லை என்றால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் கழித்து, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முத்திரை போட்ட அந்த நகல் மட்டும் தொலையாமல் இருக்க வேண்டும்.