பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பியை இன்னொரு புரதத்தின் எந்த முனையில் ஒட்டுவது?

"கே-ராஸ் புரதத்தின் பின்னால் ஜிஎஃப்பி ஒட்டினேன். செல் சவ்வில் தெரிய வேண்டியது செல் முழுக்கப் பரவித் தெரிகிறது. ஏன்?"

நீங்கள் ஒட்டிய இடம்தான் காரணமாக இருக்க வேண்டும். கே-ராஸ் 4பி சவ்வில் ஒட்டுவதற்கான கொக்கி அதன் சி-முனையின் கடைசி நான்கு அமினோ அமிலங்களில் இருக்கிறது: சிஸ்டீன், வேலின், ஐசோலூசின், மெத்தியோனின். ஒரு நொதி அந்தச் சிஸ்டீனில் ஃபார்னெசில் என்ற கொழுப்புச் சங்கிலியைச் சேர்க்கிறது. அந்த நான்கும் புரதத்தின் கடைசியில் இருந்தால்தான் நொதிக்கு அடையாளம் தெரியும். பின்னால் 238 அமினோ அமிலம் நீளமுள்ள ஜிஎஃப்பி வந்துவிட்டால் அவை நடுவில் மாட்டிக்கொள்கின்றன. கொழுப்பு சேராது, புரதம் சைட்டோசாலிலேயே நின்றுவிடும்.

புரதத்தின் முன்பக்கமான என்-முனையில், நெகிழ்வான சிறு இணைப்பி வைத்து ஒட்டுங்கள். அப்புறம் 185-ஆம் சிஸ்டீனைச் செரினாக மாற்றிய வடிவத்தையும் கூடவே பாருங்கள். முதலாவது சவ்வில் ஒளிர்ந்து, இரண்டாவது பரவினால் உங்கள் படத்தை நம்பலாம்.

அதற்கு முன், ஜிஎஃப்பிக்கு எதிரான ஆன்டிபாடியால் ஒரு வெஸ்டர்ன் பிளாட் கட்டாயம் செய்யுங்கள். முழு இணைப்பு 48 கிலோடால்டன் அருகே வரும். 27-இல் பட்டை தெரிந்தால் ஜிஎஃப்பி அறுந்து தனியே திரிகிறது. அதுவும் செல் முழுக்கப் பரவித்தான் தெரியும்.

ஆனால் எல்லாப் புரதத்துக்கும் என்-முனை சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதிக்குப் போகும் பல புரதங்களுக்கு முகவரி என்-முனையில்தான் இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால்தான் ஒட்ட வேண்டும்.